சிகரெட்டைத் தொடாதவருக்கும் எம்பைசீமா வரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் அழிந்துபோகும் எம்பைசீமா நோயைப் பற்றி ஒரு வரி: "எம்பைசீமா புகைப்பிடிப்பவர்களின் நோய், புகைக்காத இளம் வயதினர் மூச்சிரைப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் ஆஸ்துமாதான்." எழுதியவருக்கு என்ன நிம்மதி! எங்கள் வீட்டில் இதே நிம்மதியை ஏழு வருஷம் அனுபவித்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு 31 வயதில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்துமா என்றார்கள், இன்ஹேலர் கொடுத்தார்கள். முதல் முறை ஊதிப் பார்த்ததிலேயே, ஒரு நொடியில் வெளியே தள்ளும் காற்று அவள் வயதுக்கு இருக்கவேண்டியதில் 62 சதவீதம்தான். மருந்து உறிஞ்சியபின் மறுபடி ஊதினாள். எண் கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆஸ்துமா என்றால் பெரும்பாலும் நன்றாகவே ஏறியிருக்க வேண்டும். "மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை" என்று அவளைத்தான் திட்டினார்கள்.

போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி "சிகரெட் உண்டா?" இல்லை என்றதும் பார்வை மாப்பிள்ளை மேல் திரும்பும். ஒரு இடத்தில் அவரை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்கள், வீட்டில் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். பீடி வாசனையே ஆகாத மனிதர். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. உங்கள் பத்திரிகையில் நுரையீரல் என்றாலே கரி படிந்த படமும், வாயில் சிகரெட்டோடு ஒரு ஆளும் அச்சாகிறதே, அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே எல்லாரும்!

ஆசிரியருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் வராததால் சொல்கிறேன். நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியோடு சண்டை போடும்போது எலாஸ்டேஸ் என்ற நொதியை வெளிவிடுகின்றன. கிருமியோடு சேர்த்து நுரையீரலின் ரப்பர் போன்ற சுவர்களையும் அது அரிக்கும். அதைப் பிடித்து அடக்குவதற்குக் கல்லீரல் ஒரு புரதம் செய்து அனுப்புகிறது. அதுதான் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின். இந்த மரபணுவில் 'இசட்' என்ற வகையை அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டாகப் பெற்றவர்களுக்கு அந்தப் புரதம் கோணலாக மடிந்து, கல்லீரல் செல்லுக்குள்ளேயே கட்டிகட்டியாகத் தங்கிவிடுகிறது. கொஞ்சம்தான் ரத்தத்துக்கு வந்து சேரும். நுரையீரலுக்குக் காவல் இல்லை. புகை இந்த அழிவைப் பல மடங்கு வேகப்படுத்தும், சரி. இரண்டு இசட் இருந்தும், புகைக்காமல் பெரிய தொந்தரவு இல்லாமல் வாழ்கிறவர்களும் உண்டு, அதுவும் சரி. ஆனால் புகையே இல்லாமலும் சிலருக்கு முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் சுவர்கள் போய்விடுகின்றன. போனது திரும்பாது.

என் ஆத்திரம் அதைவிட ஒரு காகிதத்தின் மேல்தான். தங்கைக்கு 34 வயதில் கல்லீரல் பரிசோதனையில் எண்கள் லேசாகக் கூடியிருந்தன. அதற்காகச் சீரம் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு கோட்டுப் படம் இருக்கும்: முதலில் ஆல்புமினின் உயரமான கோபுரம், பக்கத்தில் ஆல்ஃபா-1 என்று ஒரு சிறு மேடு. அந்த மேட்டில் பெரும்பங்கு இந்தப் புரதம்தான். தங்கையின் காகிதத்தில் அந்த இடம் வெறும் தரை. கீழே 'ஆல்ஃபா-1 குளோபுலின் குறைவு' என்று மெஷினே அடித்திருந்தது. நான்கு வருஷம் அது ஃபைலில் கிடந்தது. 1963இல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் இருவரும் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்ததே இதே மாதிரி ஆல்ஃபா-1 பட்டை காணாமல் போயிருந்த சீரங்களைப் பார்த்துத்தான். அவர்கள் கண்ணில் பட்டது எங்கள் ஃபைலைப் புரட்டிய ஒருவர் கண்ணிலும் படவில்லை. நானும் எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். எனக்கு அது மலைத்தொடர் படம் மாதிரிதான் தெரிந்தது.

38 வயதில் ஒரு சின்ன வயது மருத்துவர் சி.டி. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிகரெட்டால் வருவது பெரும்பாலும் மேல்பகுதியைத்தான் தின்னும். இது அடிப்பகுதியைத் தின்றிருக்கிறதே" என்றார். வாயு பரிமாற்றச் சோதனையும் செய்யச் சொன்னார். ஆஸ்துமாவில் அது சாதாரணமாகவே இருக்கும். இவளுக்குப் பாதிக்குக் கீழே. அப்புறம் ரத்தத்தில் அந்தப் புரதத்தின் அளவு: 90க்கு மேல் இருக்கவேண்டியது 24. மரபணுச் சோதனையில் இரண்டும் இசட்.

கூடப்பிறந்தவர் என்பதால் எனக்கும் பார்த்தார்கள். காய்ச்சலோடு போய்க் கொடுத்தேன்; 98 வந்தது, "நார்மல்" என்று சீட்டில் எழுதினார்கள். இந்தப் புரதம் காய்ச்சலிலும் வீக்கத்திலும் தானாக ஏறும், அதனால் கூடவே, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. ரத்தச் சோதனையும் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உடம்பு தேறியபின் மறுபடி பார்த்தபோது 78. ஒன்று சாதாரண 'எம்', ஒன்று இசட். என் பிள்ளைகளுக்குக் கடத்தியிருக்கலாம் என்பது அந்த "நார்மல்" சீட்டை நம்பியிருந்தால் தெரிந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்திருந்தால் புளித்துப்போகும். சில வருஷம் முன் உங்கள் கேள்வி-பதில் பகுதியில் ஒரு தாய், பிறந்து ஒரு மாதமாகியும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை விடவில்லை என்று எழுதியிருந்தார். "வெயிலில் காட்டுங்கள், சரியாகிவிடும்" என்று பதில் போட்டீர்கள். இரண்டு இசட்டோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்கு நீடித்த மஞ்சள் காமாலைதான் முதல் அடையாளம். என் தங்கைக்கும் கைக்குழந்தையில் அது இருந்தது. அம்மா இன்றும் சொல்லுவாள். அப்போதே நான் எழுதிய கடிதத்தில் நீங்கள் அச்சிட்டது முதல் வரியை மட்டும்: "உங்கள் பத்திரிகையைத் தவறாமல் படிக்கிறேன்." நன்றி, இன்னும் படிக்கிறேன்.

தங்கைக்கு இப்போது தானம் பெற்ற பிளாஸ்மாவிலிருந்து எடுத்த அதே புரதத்தை வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள். இருப்பதைக் கரையவிடாமல் அது மெதுவாக்கும், அவ்வளவுதான். 31 வயதில் தொடங்கியிருந்தால் காப்பாற்ற இன்னும் நிறைய சுவர் மிச்சம் இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள்: 'எம்பைசீமா அல்லது நாள்பட்ட மூச்சடைப்பு உள்ள எவருக்கும், புகைத்தாலும் புகைக்காவிட்டாலும், ஆயுளில் ஒருமுறை ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் அளவைப் பார்க்க வேண்டும். 1997இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இது.' இடம் போதாதென்றால் அந்தச் சிகரெட் படத்தை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்