கிதீத் வேறு, கதீம் வேறு

அன்புள்ள ராஜா,

உன் கடிதம் கிடைத்தது. குவைத்தில், மங்காஃபில் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறாய் என்பதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. இங்கே கும்பகோணத்தில் எனக்கு முழங்கால் வலி, வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மற்றபடி சௌக்கியம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அரபி வாத்தியார் எகிப்துக்காரர், கடைக்கு வருகிறவர்கள் குவைத்திகள், இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை இரண்டு விதமாக வருகிறது, யாரைப் பார்த்துப் படிப்பது என்கிறாய். நான் இதில் அடிபட்டவன். குடோனில் எங்கள் சூப்பர்வைசர் கெய்ரோக்காரர். ஒருநாள் "ஹாத் இல்-கிதீத்" என்றார். கங்கையில் வரும் முதல் 'க' மாதிரி. எனக்குத் தெரிந்த அரபியெல்லாம் குவைத்திகளிடம் கேட்டது. அந்த 'க'வை வைத்து 'கதீம்' (பழையது) என்று நானே முடிவு கட்டி, பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கேட்டது புதியதை! அன்று முழுக்கப் பேச்சு வாங்கினேன்.

ஏன் இப்படி ஆனது என்று பார். 'புதிய' என்பது எழுத்தில் ஜதீத், ஜீம் எழுத்து. கெய்ரோவில் ஜீமைக் கங்கையின் 'க'வாகச் சொல்வார்கள். அதனால் அது கிதீத். 'பழைய' என்பதில் இருப்பது வேறு எழுத்து, தொண்டையை ஒட்டி வரும் காஃப். நம் கண்ணாடியின் 'க' மாதிரி அரபியில் இன்னொரு காஃபும் உண்டு. நம் தமிழில் இரண்டு காஃபையும் ஒரே மாதிரி எழுதுவதால், இதைப் பெரிய காஃப் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெரிய காஃபைத்தான் குவைத்தில் கங்கையின் 'க'வாக்கி, கதீம் என்கிறார்கள். ஆக, ஒரே சத்தம் கெய்ரோவில் ஜீம், குவைத்தில் பெரிய காஃப். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்படியானால் கெய்ரோக்காரர் பெரிய காஃபை என்ன செய்கிறார்? விழுங்கிவிடுகிறார். குர்ஆன் என்று சொல்லும்போது 'ர்'க்கும் 'ஆ'வுக்கும் நடுவில் தொண்டை ஒரு நொடி அடைபடுகிறதே, அதுதான் அவருக்குப் பெரிய காஃப். காப்பியைச் சொல்லும் கஹ்வா அவர் வாயில் அஹ்வா, பழையது அதீம். டமாஸ்கஸ், பெய்ரூட் நகரத்துக்காரர்களும் பெரிய காஃபை இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் குர்ஆன் என்ற வார்த்தையிலோ கெய்ரோவின் அரபிப் பெயரான அல்-காஹிராவிலோ அவரே பெரிய காஃபை முழுதாகச் சொல்வார், கவனித்துப் பார்.

இதில் யாரும் தப்பாகப் பேசவில்லை. எட்டாம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர் சீபவைஹி பெரிய காஃபை விவரித்திருப்பதைப் பார்த்தால், அவர் காதில் விழுந்தது இந்தக் கங்கை 'க'வுக்குப் பக்கத்தில் உள்ள சத்தம் என்றுதான் பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். நாட்டுப்புறப் பேச்சு என்று யாராவது மட்டம் தட்டினால் சொல்லி வை.

நீ செய்ய வேண்டியது இதுதான். புத்தகத்தை வாசிக்கும்போது பெரிய காஃபை அடித்தொண்டையில் சொல், ஜீமை நம் 'ஜ'வாகவே சொல். குர்ஆன் ஓதும்போது எகிப்துக்காரர்களும் 'ஜ' என்றுதான் ஓதுவார்கள், அதனால் உன் வாத்தியாருக்கும் அது வரும், கேட்டுப் பார். கடையில் பேசும்போது பெரிய காஃபுக்குக் கங்கையின் 'க', ஜீமுக்கு 'ஜ'. கஹ்வா, கதீம், ஜதீத் என்று போ. கெய்ரோவிலிருந்து ஒன்று, குவைத்திலிருந்து ஒன்று என்று பொறுக்காதே. வாத்தியாரின் ஜீமையும் வாடிக்கையாளரின் காஃபையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு எழுத்தும் ஒரே சத்தமாகிவிடும், நான் பெட்டி தூக்கிய கதைதான்.

பழைய குவைத்திகள் கோழியை 'தஜாஜ்' என்னாமல் 'தியாய்' என்பார்கள், ஜீம் 'ய'வாகிவிடும். முன்னால் என்பதற்கு 'ஜித்தாம்' என்பார்கள், அது பெரிய காஃப் 'ஜ'வானது. இவற்றைக் காதில் வாங்கிக்கொள், வாயில் வேண்டாம். எந்த வார்த்தையில் மாறும், எதில் மாறாது என்பது அங்கேயே வளர்ந்தவனுக்குத்தான் கை வரும்.

அடித்தொண்டைக் காஃபை மட்டும் விடாமல் பழகு. உப்புத்தண்ணீர் கொப்பளிக்கும்போது தொண்டையில் எங்கே கரகரக்கிறதோ, நாக்கின் அடி அங்கே ஒட்டிப் பிரிய வேண்டும். நம் கண்ணாடியில் வரும் 'க'வைப் போட்டால் இதயம் நாயாகிவிடும். இரண்டையும் தமிழில் கல்ப் என்றுதான் எழுதுகிறோம், ஆனால் நம் 'க' சொல்வது நாயை. "உன் கல்ப் நல்ல கல்ப்" என்று ஒரு பெரிய மனுஷரிடம் நான் சொல்லி, அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குவைத்தியிடம் கங்கையின் 'க'வைப் போட்டிருந்தாலே பிழைத்திருப்பேன்.

பொங்கலுக்கு வருவாய் அல்லவா? வரும்போது அந்த ஏலக்காய் போட்ட காப்பித்தூள் அரைக் கிலோ.

அன்புடன்,
மணி