முகப்புத் தாளில் தண்ணீர் மதிப்பெண்ணைத் திருத்தாதீர்கள்: வடிவமைப்பு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பு அலுவலக ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை, சுரங்கப்பாதையின் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். கார்த்திகை முதல் வாரத்தில், சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கும் முனையான முகப்பில் பாறையை அளந்து மதிப்பெண் போட்டு மலையிலிருந்து நான் அனுப்பிய முகப்புத் தாள் சென்னையிலிருந்து திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு எண் மாறியிருந்தது. நிலத்தடி நீர் என்ற வரியில் நான் 4 போட்டிருந்தேன், நீங்கள் அதை 10 ஆக்கியிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: மழைநீர், தற்காலிகமானது, சோதனைத் துளைப் பதிவில் ஈரம் என்றுதான் உள்ளது. அந்த ஆறு மதிப்பெண்ணுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். முகப்பில் நின்று அளந்த எண்ணை, முகப்பைப் பார்க்காதவர் திருத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் வாருங்கள், சேர்ந்து அளப்போம், இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

பாறையின் தரத்தை எண்ணால் சொல்லும் ஆர்.எம்.ஆர். அட்டவணையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பீனியாவ்ஸ்கி 1973-இல் கொடுத்து 1989-இல் திருத்திய அதே அட்டவணைதான் நம் இரண்டு மேசையிலும் இருக்கிறது. கல்லின் வலிமை, துளையில் கிடைத்த முழுத் துண்டுகளின் சதவீதமான ஆர்.க்யூ.டி., விரிசல் இடைவெளி, விரிசலின் நிலை, நிலத்தடி நீர் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, விரிசல் ஓடும் திசைக்காகக் கொஞ்சம் கழித்தால் பாறையின் வகுப்பு வருகிறது. 41 முதல் 60 வரை மூன்றாம் வகுப்பு, 21 முதல் 40 வரை அதைவிட மோசமான நான்காம் வகுப்பு. இது தெரிந்த நீங்கள், துளைப் பதிவில் இருந்த எண்களை எப்படி அவ்வளவு நம்பினீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்தத் துளை செங்குத்தாக, மே மாதத்தில் போட்டது. துளையிலிருந்து உருளையாக எடுத்த பாறைத் துண்டுகளான கோர் அடுக்கிய பெட்டிகளை நானும் பார்த்தேன், உண்மையிலேயே அழகான சார்னோகைட் பாறை. ஆர்.க்யூ.டி. 82 என்று இருந்தது, அதற்கு 17 மதிப்பெண். கோரில் விரிசல்கள் சராசரியாக 40 சென்டிமீட்டருக்கு ஒன்று, அதற்கு 10. வலிமைக்கு 7, விரிசலின் நிலைக்கு 20, நீருக்கு 10, ஆக மொத்தம் 64. விரிசல்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று அந்தக் கோரிலிருந்து தெரியாததால் நடுத்தரம் என்று வைத்து 5 கழித்து 59 என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு.

முகப்பில் நான் பார்த்தது வேறு. முக்கியமான விரிசல் கூட்டம் 75 டிகிரி சரிவில், சுரங்கத்தின் அச்சுக்கு இணையாக ஓடுகிறது. டேப்பை அதற்குக் குறுக்கே பிடித்து அளந்தால் 12 சென்டிமீட்டருக்கு ஒரு விரிசல். செங்குத்துத் துளை இந்தக் கூட்டத்தை எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெட்டும்? 12-ஐ 75 டிகிரியின் கொசைனால் வகுத்துப் பாருங்கள், 46 வரும். அதாவது பாறை 12 சென்டிமீட்டர் பலகை பலகையாகப் பிளந்து கிடக்க, கோர் பெட்டியில் முழங்கை நீளத்துக்கு முழுத் துண்டுகள் கிடக்கும். 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டுவதுதான் ஆர்.க்யூ.டி. என்பதால், அந்தத் துண்டுகள் எல்லாமே கணக்கில் ஏறிவிடும். கோர் எடுத்தவர் தவறு செய்யவில்லை, துளையின் திசைதான் ஏமாற்றியது. இரண்டாவது கூட்டமோ முழுச் செங்குத்து, 25 சென்டிமீட்டருக்கு ஒன்று. அது துளைக்கு இணையாகவே போவதால் கோரில் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. மூன்றாவது மட்டும் படுக்கையாக, அரை மீட்டருக்கு ஒன்று.

ஒரு மீட்டருக்கு மூன்று கூட்டத்திலும் எத்தனை விரிசல் என்று கூட்டினால் 8.3, 4, 2 என்று மொத்தம் 14.3. கோர் இல்லாத இடத்தில் நாம் எல்லாரும் பயன்படுத்தும் பாம்ஸ்ட்ராமின் `RQD = 115 - 3.3 Jv` என்ற சூத்திரத்தில் Jv-க்கு இதைப் போட்டால் 68 வருகிறது, அதற்கு 13 மதிப்பெண். இடைவெளி 12 சென்டிமீட்டருக்கு 8. வலிமையும் விரிசலின் நிலையும் துளையில் இருந்தபடியே 7, 20. இதுவரை நீங்களும் எதையும் மறுக்கவில்லை. செங்குத்தான விரிசல் அச்சுக்கு இணையாக ஓடுவதால் 12 கழித்ததையும் ஒப்புக்கொண்டீர்கள். மிச்சம் இருந்தது தண்ணீர் மட்டும்.

அந்தத் தண்ணீரை எப்படி அளந்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தாளில் அதற்கு இடம் இல்லை. நம் சுரங்கம் மேல்நோக்கி ஏறிப்போகிறது, அதனால் முகப்பில் ஒழுகுவதெல்லாம் தானாகப் பின்னால் ஓடி வரும். ஜம்போ எந்திரம் துளையிடும்போது அதன் தண்ணீரும் சேர்ந்துவிடும் என்பதால், துளையிடுவது நின்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். முகப்பிலிருந்து சரியாக 10 மீட்டர் பின்னால் களிமண்ணால் ஒரு சின்ன வரப்புக் கட்டி, ஒரு குழாய்த் துண்டை வைத்து, அதன் கீழே 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப் பிடித்தோம். இரவு இரண்டரை மணி. நானும் உதவியாளர் தம்பியும் முழங்கால் வரை சேற்றில். மூன்று முறை அளந்தோம், மூன்று முறையும் 28 நொடிக்குப் பக்கத்தில் நிரம்பியது. நிமிடத்துக்கு 43 லிட்டர். அட்டவணையில் 10 மீட்டர் நீளத்துக்கு 25 முதல் 125 லிட்டர் வரை என்றால் 4 மதிப்பெண். நீங்கள் போட்ட 10 கிடைக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கும் குறைவாக வர வேண்டும், அதாவது அந்த வாளி நிரம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும்.

7, 13, 8, 20, 4. கூட்டினால் 52, அதில் 12 போனால் 40. நான்காம் வகுப்பு. உங்கள் 10-ஐப் போட்டால் 46, மூன்றாம் வகுப்பு.

மே மாதத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று சென்னையில் யாராவது சொல்வார்களா? அந்தத் துளையில் நீர்மட்டம் பார்க்கும் குழாய்கூட வைக்கவில்லை, இரண்டாம் நாளே அடைத்துவிட்டார்கள். துளையிட ஊற்றிய தண்ணீர் வடிவதற்குள் எழுதிய "ஈரம்" அது. வடகிழக்குப் பருவமழையில் அதே விரிசல்கள் வழியாகத்தான் மலை வடிகிறது.

தற்காலிகம் என்று எழுதியிருந்தீர்கள். வெடித்தபின் தாங்கல் போடும்வரை பாறை தானாக நிற்கும் நேரம்கூடத் தற்காலிகமானதுதானே? அட்டவணை மூன்றாம் வகுப்புக்கு 5 மீட்டர் அகலத்துக்கு ஒரு வாரம் கொடுக்கிறது, நான்காம் வகுப்புக்கு இரண்டரை மீட்டர் அகலத்துக்குப் பத்தே மணி நேரம். நம்முடையது 10 மீட்டர் அகலம். அந்தச் சில மணி நேரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தை மாதம் வற்றிவிடும் என்பது கார்த்திகையில் கீழே நிற்பவருக்கு உதவாது. விரிசலுக்குள் நிற்கும் தண்ணீர் அதன் இரண்டு முகங்களையும் விலக்கித் தள்ளுகிறது, உராய்வைக் குறைக்கிறது, இடையில் இருக்கும் களிமண்ணைக் கழுவிக்கொண்டு போகிறது. ஒழுகும் பரப்பில், பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டான ஷாட்கிரீட் சரியாக ஒட்டுவதும் இல்லை.

சரி, இரண்டு வகுப்புக்கும் வேலையில் என்ன வித்தியாசம் என்றால், மூன்றாம் வகுப்பில் மேல்பாதியில் ஒரு வெடிக்கு 1.5 முதல் 3 மீட்டர் வரை முன்னேறலாம், கூரையில் 50 முதல் 100 மில்லிமீட்டர் ஷாட்கிரீட் போதும். நான்காம் வகுப்பில் 1 முதல் 1.5 மீட்டர்தான், ஷாட்கிரீட் 100 முதல் 150, பாறைக்குள் இறக்கும் போல்ட் நெருக்கமாக, தேவைப்பட்டால் இரும்பு வளைவும் உண்டு. உங்கள் திருத்தத்தின்படி அன்று இரண்டரை மீட்டர் வெடித்தார்கள். லோடர் மண்ணை அள்ளிக்கொண்டு பின்வாங்கிய கொஞ்ச நேரத்தில், இடப்பக்கக் கூரைத் தோளில் இரண்டு செங்குத்து விரிசல்களுக்கும் மேலே இருந்த படுக்கை விரிசலுக்கும் இடையில் இருந்த பலகைகள் மொத்தமாக இறங்கின. ஆட்டோ அளவு கல். போல்ட் போடும் ஆட்கள் இன்னும் உள்ளே வரவில்லை. வந்திருந்தால் இந்த மடலை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். விழுந்த இடத்தில் பாறை முகம் முழுக்க நனைந்து, களிமண் பூசினதுபோல் வழவழவென்று இருந்தது. படம் உங்களுக்கு அன்றே அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

உங்கள் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கணினி மாதிரிக்கு ஜி.எஸ்.ஐ. என்ற பாறை வலிமைக் குறியீட்டை எடுக்க ஆர்.எம்.ஆரைப் பயன்படுத்தும்போது நீரை உலர்ந்தது என்று 15 வைப்பதும், திசைக்கு எதுவும் கழிக்காமல் விடுவதும் சரியான வழக்கம்தான், ஏனென்றால் நீரழுத்தம் அந்தக் கணக்கில் தனியாக வந்துவிடும், இரண்டு முறை தண்டிக்கக் கூடாது. ஆனால் அது வேறு எண், வேறு தாள். தாங்கல் அட்டவணைக்குப் போகும் எண்ணில் நிஜத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அப்புறம், நான்காம் வகுப்புக்கு ஒப்பந்தக்காரருக்கு மீட்டருக்குக் கூடுதல் பணம், அதனால் தளத்திலிருந்து வரும் வகுப்பெல்லாம் ஊதிப் பெருக்கியது என்ற சந்தேகம் உங்களுக்கு உண்டு. அப்படி நடக்கும் தளங்கள் இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் திட்ட அறிக்கையில் நான்காம் வகுப்பு இத்தனை சதவீதம்தான் என்று எழுதிவிட்டதால் பாறையும் அதற்குள் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களே, அந்த அறிக்கையை எழுதியபோது மலைக்குள் யார் போய்ப் பார்த்தார்கள்? மழைக்காலத்தில் ஒரு துளை போடக் காசு இல்லை என்றவர்கள், மூன்று நாள் வேலை நின்றதற்கும் கூரையைத் திரும்பக் கட்டியதற்கும் எங்கிருந்தோ காசு எடுத்தார்களே.

கோபத்தில் நீளமாகப் போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவாகத்தான் கேட்கிறேன். முகப்பில் அளந்த ஆர்.க்யூ.டி., இடைவெளி, தண்ணீர் மூன்றையும் திருத்தாமல் அப்படியே தாளில் விடுங்கள். தண்ணீர் வரிக்குப் பக்கத்தில் எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு, துளையிடுவது நின்று எவ்வளவு நேரம் கழித்து என்று எழுத ஒரு கட்டம் சேர்த்துக் கொடுங்கள். இப்போது மொத்த எண் மட்டும்தான் மேலே போகிறது, 46 என்று பார்ப்பவருக்கு உள்ளே எது மாறியது என்று தெரிய வழியே இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், உங்களில் ஒருவர் வந்து முகப்பில் நின்று, மாற்றிய எண்ணுக்குப் பக்கத்தில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

ஐப்பசி முதல் நான் அனுப்பிய தாள்களில் இன்னும் நான்கில் தண்ணீர் 10 ஆகியிருக்கிறது. அந்த நான்கு இடத்திலும் கூரையில் இப்போது மூன்றாம் வகுப்புத் தாங்கல்தான் நிற்கிறது, அதற்குக் கீழேதான் லாரிகள் தினமும் போய்வருகின்றன. முதலில் அந்த நான்கையும் எடுத்துத் திரும்பப் பாருங்கள். என் அளவுப் புத்தகத்தின் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் சென்னையில்தான் இருக்கிறேன், கூப்பிட்டால் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தள நிலவியலாளர்
சென்னை