முதலாம் தவணையும் கோப்பைப் படங்களும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

முதலாம் தவணை நல்லபடியாக முடிகிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டி சிறப்பாக நடந்தது. சிரமதானத்துக்கு வந்து கிணற்றடியைத் துப்புரவாக்கித் தந்தவர்களுக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வெள்ளிக்கிழமை பெற்றுக்கொள்ளலாம்.

சரி, இனி அந்தப் போட்டிப் படங்களுக்கு வருகிறேன்.

பழைய மாணவர் சங்கம் படம் கேட்டபோது, தெளிவு குறையக் கூடாதென்று பலர் வட்ஸ்அப்பில் Document ஆக அனுப்பியிருந்தீர்கள். அவற்றை ஒரு லிங்கில் போட்டு யாரோ வெளியாட்கள் உள்ள குழுவிலும் பகிர்ந்துவிட்டார்கள். ஒரு பிள்ளை கோப்பையோடு வீட்டு முற்றத்தில் நிற்கும் படத்தை எங்கள் கணினி ஆசிரியர் போனில் திறந்து மேலே தள்ளினார். திகதி, மாலை 5.52, போனின் மாடல், அடியில் ஒரு வரைபடம். அதைப் பெருப்பித்தால் அந்த வீட்டுக் கூரையும் பக்கத்துக் கிணறும் தெரிகின்றன. படலை வரை வழி கேட்கவே தேவையில்லை.

கமராவை முதன்முதலில் திறக்கும்போது இருப்பிட அனுமதி கேட்கும். நாமும் யோசிக்காமல் கொடுத்துவிடுவோம். அதன்பிறகு எடுக்கும் படங்களுக்குள் ஜி.பி.எஸ். இலக்கங்கள் எழுதப்படும். வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போது இவையும் அழிந்துவிடும். Document, மின்னஞ்சல், டிரைவ் லிங்க் வழியே அனுப்பினால் இவையும் படத்தோடு அப்படியே போகும்.

கமரா செட்டிங்கில் Location tags என்பதை நிறுத்திவிடுங்கள். சில போன்களில் அது Save location என்றிருக்கும். இது இனி எடுக்கும் படங்களுக்குத்தான். பழையவற்றில் இருப்பது இருந்தபடியே இருக்கும். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் Options ஐத் தொட்டு Location ஐ நிறுத்தலாம். ஒன்றும் பிடிபடாவிட்டால் படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதை அனுப்புங்கள். தெளிவு கொஞ்சம் குறையும், ஆனால் அந்த ஜி.பி.எஸ். இலக்கங்கள் அதில் வராது. படத்துக்குள்ளேயே தெரியும் பெயர்ப்பலகையையும் கடைச் சந்தியையும் இவை எதுவும் மறைக்காது. அதை நீங்கள்தான் பார்த்து வெட்ட வேண்டும்.

ஒன்றை நேராகச் சொல்கிறேன். மற்றவர் பிள்ளையின் படத்தை அந்தப் பெற்றோரைக் கேட்காமல் வெளியே அனுப்புவதைப் பாடசாலை ஏற்காது. பாடசாலைக் குழுவில் Document ஆக வரும் படங்கள் இனி உடனே நீக்கப்படும். லிங்கை மூடிவிட்டோம், ஆனால் ஏற்கனவே இறக்கி வைத்திருப்பவரின் போனுக்குள் எங்கள் கை போகாது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது தெரியும். நானும் என் பேரனின் படத்தை இப்படித்தான் அனுப்பியிருந்தேன். சொன்னவுடன் படங்களை நீக்கிவிட்ட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை வரும்போது போனையும் கொண்டு வாருங்கள். கணினி ஆசிரியர் ஒரு மணிவரை இருப்பார், செட்டிங்கை மாற்றித் தருவார்.

இப்படிக்கு,
அதிபர்