சந்தை மூடுவது ஐந்து மணிக்கு, புள்ளிவிவரம் வருவது அதற்குப் பிறகு

காரைக்குடி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாதத்தில் சில நாட்கள் மட்டும் பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் உங்கள் நாணயச் சந்தைத் தரகர்களாகிய நாங்கள் உங்களை அழைத்து, "கணக்கில் இன்னும் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள்" என்றோ "இன்றைக்குப் பாதி டாலரையாவது விற்று வையுங்கள்" என்றோ சொல்கிறோம். வேறு நாட்களில் சொல்வதில்லை. ஏன் அந்த நாட்களில் மட்டும் என்று பலர் கேட்கிறீர்கள். விடை, எந்தப் புள்ளிவிவரம் எந்த நேரத்தில் வரும் என்று இணையத்தில் பட்டியலிடும் பொருளாதாரக் காலண்டரில் இருக்கிறது. அதை நீங்களே பார்த்துப் புரிந்துகொண்டால் எங்கள் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

காலண்டரைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் சிவப்பு நிறத்தில் குறித்த வரிகளுக்குத்தான் போகும். அதற்கு முன்னால் நேரத்தைச் சரிபாருங்கள். பெரும்பாலான காலண்டர்கள் நியூயார்க் நேரத்தையோ லண்டன் நேரத்தையோ காட்டும். அமைப்புகளில் போய் GMT+5:30 என்று மாற்றினால்தான் நம் நேரம் வரும். அமெரிக்காவின் பணவீக்கக் கணக்கும் வேலைவாய்ப்புக் கணக்கும் அங்கே காலை 8:30 மணிக்கு வெளியாகின்றன. நமக்கு அது கோடையில் மாலை 6 மணி. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவதால், அதிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை இரவு 7 மணி.

ஆறானாலும் ஏழானாலும் நம் எக்ஸ்சேஞ்சில் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் மாலை 5 மணிக்கே முடிந்துவிடும். செய்தி வரும்போது நம் கடை பூட்டியிருக்கிறது, உலகச் சந்தை நடந்துகொண்டிருக்கிறது. மறுநாள் காலை 9 மணிக்கு நாம் கதவைத் திறக்கும்போது விலை வேறு இடத்தில் நிற்கும். வேலைவாய்ப்புக் கணக்கு பெரும்பாலும் மாதத்தின் முதல் வெள்ளியன்று வருவதால், அதற்கு மறுநாள் என்பது திங்கட்கிழமை.

அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி முடிவில் தேதியே ஏமாற்றும். புதன்கிழமை அங்கே பிற்பகல் 2 மணிக்கு வரும் அறிவிப்பு, குளிர்காலத்தில் நமக்கு வியாழன் 12:30 என்று காட்டும். அது நள்ளிரவு தாண்டிய பன்னிரண்டரை. வியாழன் பகல் என்று எடுத்துக்கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. உங்களுக்குக் கடைசி வாய்ப்பு புதன் மாலை ஐந்து மணியோடு முடிந்துவிடுகிறது.

அடுத்தது Previous, Forecast, Actual என்ற மூன்று கட்டங்கள். போன முறை வந்த எண், நிபுணர்கள் எதிர்பார்க்கும் எண், இப்போது வந்த எண். பணவீக்கம் கூடும் என்று எதிர்பார்த்து, அதே அளவு கூடியும் வந்தால் விலை பெரிதாக நகராது, ஏனென்றால் எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளிதான் விலையை நகர்த்தும். அந்த இடைவெளி எந்தப் பக்கம் இருக்கும் என்று முதல்நாள் மாலை யாருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்பவரை நாங்கள் நம்புவதில்லை.

Previous கட்டத்தைப் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். 2025 ஆகஸ்ட் 1 அன்று வந்த அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கில் ஜூலைக்கு 73,000 வேலைகள் என்று இருந்தது. எதிர்பார்ப்பை விட அதுவே குறைவு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்ன எண்களிலிருந்து 2,58,000 வேலைகளைக் கழித்துவிட்டார்கள் என்பது. புது எண்ணை மட்டும் பார்த்தவருக்கு டாலர் அன்று ஏன் அப்படிச் சரிந்தது என்பதில் பாதிதான் விளங்கியிருக்கும்.

இனி ஒரு நாளை எடுத்து முழுதாகப் பார்ப்போம். 2022 நவம்பர் 10, வியாழக்கிழமை. டாலர் 81 ரூபாய் 80 காசு அளவில் சந்தை மூடியது. இரவு 7 மணிக்கு அமெரிக்காவின் அக்டோபர் பணவீக்கம் வந்தது. உணவும் எரிபொருளும் நீங்கலாக, முந்தைய மாதத்தை விட விலை எவ்வளவு ஏறியது என்று காட்டும் Core CPI m/m என்ற வரியில் 0.5 சதவீதம் எதிர்பார்த்தார்கள், வந்தது 0.3. பார்வைக்கு அற்ப வித்தியாசம். ஆனால் அமெரிக்கா இனி வட்டியை அவ்வளவு வேகமாக ஏற்றாது என்று உலகம் முழுக்க ஒரே நேரத்தில் கணக்குப் போட்டார்கள். முக்கிய நாணயங்களுக்கு எதிராக டாலர் ஒரே நாளில் சுமார் 2 சதவீதம் விழுந்தது. வெள்ளிக்கிழமை நம் சந்தை திறந்தபோது டாலர் ஏறத்தாழ ஒரு ரூபாய் இறங்கியிருந்தது. இடைப்பட்ட விலைகளில் வாங்கவோ விற்கவோ யாருக்கும் வழியில்லை.

தூத்துக்குடி வழியாகத் தேக்கு இறக்குமதி செய்யும் ஒரு மர வியாபாரியை அந்த நாளில் வைத்துப் பார்க்கலாம். டிசம்பரில் 60,000 டாலர் கட்ட வேண்டும். டாலர் ஏறிவிடுமோ என்று ஃபியூச்சர்ஸில் 60 லாட் வாங்கி வைத்திருக்கிறார். ஒரு லாட் என்பது 1,000 டாலர், ஆகவே கணக்கு சரி. பிணையாகக் கட்டும் மார்ஜின் லாட்டுக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் கட்டியிருப்பார். அதற்கு மேல் கணக்கில் கிடப்பது 20,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு ரூபாய் இறக்கத்தில் அவருக்கு நஷ்டம் 60,000. உண்மையில் இது நஷ்டமே அல்ல, மரத்துக்குப் பணம் கட்டும்போது அதே 60,000 மிச்சமாகும். ஆனால் அந்த மிச்சம் டிசம்பரில்தான் வரும். எக்ஸ்சேஞ்ச் அன்றன்றைக்குக் கணக்கு முடிப்பதால் 60,000 ரூபாயை உடனே கட்டியாக வேண்டும். 40,000 குறைகிறது. கட்டாவிட்டால் தரகர் லாட்டுகளை விற்றுத்தான் கணக்கை நேர்செய்வார், எங்களுக்கும் வேறு வழி கிடையாது. அப்படி 81 ரூபாய்க்குக் கீழே விற்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டிசம்பரில் டாலர் மறுபடி 82 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. ஃபியூச்சர்ஸில் போன பணம் போனதுதான், மரத்துக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். விலை ஏற்றத்துக்குப் பாதுகாப்பாக ஹெட்ஜ் செய்தவர், செய்யாதவரை விட மோசமான நிலையில் போய் நின்றிருப்பார்.

அவரிடம் நாங்கள் லாட்டைக் குறைக்கச் சொல்வதில்லை. லாட்டைக் குறைத்தால், பாதுகாத்து வைத்த டிசம்பர் பில் மறுபடி விலை மாற்றத்துக்குத் திறந்துகொள்ளும். அவர் செய்ய வேண்டியது, லாட் எண்ணிக்கையை ஆயிரத்தால் பெருக்கி, ஒரு ரூபாய் நகர்வுக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அந்தத் தொகையை மார்ஜினுக்கு மேல் கையிருப்பாக வைப்பது. ஒரு ரூபாய் என்பது டாலர் 82 ரூபாயை ஒட்டி இருந்தபோது நடந்தது. இன்றைய விலைக்கு அதே 1.2 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். அவ்வளவு பணத்தைச் சும்மா போட்டு வைக்க முடியாதவர்கள் அந்தத் தொகைக்கு, வரும் தேதிக்கான விலையை இப்போதே பேசி முடிக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தை வங்கியில் கேட்பது நல்லது. சில காசு கூட ஆகலாம், ஆனால் வங்கி கொடுத்திருக்கும் லிமிட்டுக்குள் அன்றாடக் கட்டல் இருக்காது. தரகர்களாகிய நாங்களே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும். ஹெட்ஜ் பாதியில் அறுபடுவதை விட இது மேல்.

ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர். 30,000 டாலர் வர வேண்டியிருக்கிறது, இன்னும் நல்ல விலை வரட்டும் என்று எதையும் விற்காமல் இருக்கிறார் ஒருவர். ஃபியூச்சர்ஸில் ஒன்றுமில்லை, எனவே அபாயமும் இல்லை என்று அவர் நினைக்கிறார். ஆனால் அந்த வியாழன் இரவு அவருக்கு வர வேண்டிய ரூபாயில் 30,000 குறைந்துவிட்டது. அவரைப் பொறுத்தவரை அபாயத்தைக் குறைப்பது என்றால் 15 லாட்டோ 20 லாட்டோ விற்று வைப்பது. அதனால்தான் ஒரே நாளில் ஒருவருக்குப் பணம் போடச் சொல்லியும் மற்றொருவருக்கு விற்கச் சொல்லியும் அழைக்கிறோம். பார்க்க வேண்டியது லாட் கணக்கை அல்ல, பில்லையும் லாட்டையும் நேர்செய்த பிறகு திறந்து கிடக்கும் டாலரை.

"ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேனே" என்பது நாங்கள் அதிகம் கேட்கும் பதில். குறித்த விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் இந்த ஸ்டாப் லாஸ் ஆர்டர் நம் எக்ஸ்சேஞ்சில் அன்றைய நாளோடு காலாவதியாகிவிடும். மறுநாள் காலை திரும்பப் போட்டாலும், 81.60இல் விற்கச் சொன்ன ஆர்டர் 80.80இல் திறக்கும் சந்தையில் என்ன செய்யும்? லிமிட் விலையோடு போட்டிருந்தால் நிறைவேறாமல் தொங்கும். பூட்டிய கடைக்கு முன் காவல் வைத்த கதைதான்.

சந்தை திறந்திருக்கும்போது வரும் அறிவிப்பில் இதை இன்னும் அருகில் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவு காலை 10 மணிக்கு வருகிறது. அன்று 9:50க்கு ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, மேலே உள்ள ஐந்து வாங்கும் விலையையும் ஐந்து விற்கும் விலையையும் கவனியுங்கள். சாதாரண நாட்களில் இரண்டுக்கும் இடையே கால் காசுதான் இருக்கும், ஒவ்வொரு விலையிலும் கணிசமான லாட் நிற்கும். பத்து மணி நெருங்க நெருங்க லாட்டுகள் கரைந்து இடைவெளி அகலும். இரண்டு பக்கமும் விலை கொடுக்கும் பெரிய டீலர்கள் தங்கள் ஆர்டர்களை விலக்கிக்கொள்கிறார்கள். பிறர் முதலில் செய்தியைப் படித்துவிட்டுத் தங்கள் பழைய விலையில் அடித்துவிடுவார்கள் என்ற பயம் அது. அப்படி மெலிந்த புத்தகத்தில் 20 லாட்டை மார்க்கெட் ஆர்டராகப் போட்டால் நான்கைந்து படி தள்ளித்தான் முடியும். எனவே குறைப்பதென்றால் முதல் நாளே குறைத்துவிடுங்கள். அமெரிக்கக் கணக்கு வரும் மாலைகளிலும் நாலரைக்குள் முடியுங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரும் அதையேதான் செய்ய முயல்வார்கள்.

ஆப்ஷன் வாங்கினால் ஒரு இரவுக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அறிவிப்புக்கு முன் அதற்குக் கட்டும் பிரீமியம் ஏறியிருக்கும், மறுநாள் விலை நகராவிட்டால் அந்த ஏற்றம் அப்படியே வடிந்துவிடும். இப்போதைய எக்ஸ்சேஞ்சில் டாலர் ஆப்ஷனுக்கு ஆளும் குறைவு. நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

காலண்டரில் உள்ள எல்லா வரிக்கும் இப்படிப் பதற வேண்டாம். நம் ஊர் அளவுக்கு அமெரிக்கப் பணவீக்கம், வேலைவாய்ப்பு, அவர்கள் வட்டி முடிவு, ரிசர்வ் வங்கி முடிவு, இந்த நான்கும் போதும். இவற்றோடு நம் சந்தை விடுமுறைப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 ஏப்ரல் 7 புனித வெள்ளி, நம் சந்தைக்கு விடுமுறை, ஆனால் அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கு அன்று மாலை வெளியானது. முதல் நாள் வியாழன் காலையில்தான் ரிசர்வ் வங்கி, வட்டி ஏறும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக 6.50 சதவீதத்திலேயே நிறுத்தியது. இரண்டுக்கும் இடையில் கணக்கைச் சரிசெய்துகொள்ள வியாழன் பகல் மட்டும்தான் இருந்தது.

கடைசியாக இரண்டு செய்தி. 2024 மே 3 முதல், வெளிநாட்டு வரவோ செலவோ உண்மையில் இருப்பவர்கள் மட்டுமே எக்ஸ்சேஞ்சில் நாணய ஒப்பந்தம் செய்யலாம் என்ற விதி கண்டிப்பாக அமலில் இருக்கிறது. பில், ஆர்டர் நகல்களைக் கோப்பில் பத்திரமாக வையுங்கள், கேட்டால் காட்ட வேண்டும். சிங்கப்பூருக்குப் பலகாரம் அனுப்பி சிங்கப்பூர் டாலரில் பில் போடுபவர்களுக்கு எக்ஸ்சேஞ்சில் நேரடி ஒப்பந்தம் கிடையாது. ரூபாய்க்கு எதிராக அமெரிக்க டாலர், யூரோ, பவுண்டு, யென் மட்டும்தான் உண்டு. அவர்கள் வங்கியைத்தான் அணுக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நாணயச் சந்தைத் தரகர்கள்
காரைக்குடி