‘அம்மா’வுக்கு இரண்டு தட்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தை வளர்ப்புப் பக்கத்தில், நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கைதட்டிச் சொல் பழக்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. “அம்மா என்பதில் மூன்று எழுத்து, ஆகவே மூன்று முறை தட்டச் சொல்லுங்கள்” என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 31 ஆண்டுகள் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தட்டியவள் நான். அம்மாவுக்கு இரண்டு தட்டுதான்: அம், மா. புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனித் தட்டு கிடையாது. இது உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்காது. தெரிந்தும் எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எழுத்துக்கு ஒரு தட்டு என்றால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தேன். வீட்டில் அப்படிப் பழகி வந்த ஒரு சிறுவன், நடுத் தட்டுக்கு ‘ம்’ மட்டும் வாயில் நிற்காததால் “அ, இம், மா” என்றான். பூனை, குருவி எல்லாம் சரியாக வந்தன. பந்து என்றால் “ப, இந், து”. பிறகு எழுத்துக் கூட்டத் தொடங்கியபோதும் அதே ‘இம்’மும் ‘இந்’தும் நடுவே வந்து நின்றன. அவனைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. புறங்கையைத் தாடைக்கு அடியில் வைத்து ‘அம்மா’ சொல்லச் சொன்னேன். தாடை இரண்டு முறைதான் கையில் இடித்தது. “ரெண்டு!” என்று அவனே கத்தினான்.

1974இல் அமெரிக்காவில் உளவியலாளர் இசபெல் லிபர்மன் குழுவினர் சிறுவர்களைத் தட்டச் சொல்லிப் பார்த்தார்கள். நான்கு வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சொல்லை அசை அசையாகத் தட்டிக் காட்டினார்கள். ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துத் தட்ட அந்த வயதில் ஒருவராலும் முடியவில்லை. ‘ம்’முக்குத் தனித் தட்டு கேட்பது அந்த முடியாத வேலையைக் கேட்பதாகும்.

இந்தக் குழப்பம் புதிதும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பயிற்சிக்கு வந்த சுவர்ப்படத்தில், கத்தரிக்காய்க்குக் கீழே ஏழு புள்ளிகள் போட்டிருந்தார்கள். கத், த, ரிக், காய் என்று நான்குதானே என்று கேட்டேன். “நீங்கள் சத்துணவைக் கவனியுங்கள்” என்றார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை. இன்னொரு முறை ஒரு தமிழாசிரியர், தவளை என்பது நிரையும் நேரும் ஆகையால் இரண்டு தட்டுதான் வரவேண்டும் என்று வாதிட்டார். யாப்பில் இரு குறில்கள் சேர்ந்து ஓரசையாகும். அது செய்யுளுக்கான கணக்கு. பிள்ளையின் வாய் த, வ, ளை என்று மூன்று முறை திறக்கிறது. மூன்று தட்டுதான்.

தாளத்தைப் பற்றியும் உங்கள் கட்டுரை ஒரு வரியோடு கடந்துவிட்டது. அசை தட்டுவதும் தாளம் பிடிப்பதும் வேறு வேறு. நாங்கள் நான்கு எண்ணிக்கையை வைத்துக்கொள்வோம். கத்தரிக்காய் நான்கையும் நிரப்பிவிடும். பூனையை இரண்டு முறை சொன்னால் நிரம்பிவிடும். தவளைக்கு மூன்று தட்டு, நான்காவதற்குக் கைகளை விரித்துக் காட்ட வேண்டும். அந்த விரிப்புதான் கடினம். பிள்ளைகள் அதை விழுங்கிவிட்டு அடுத்த ‘த’வுக்குப் பாய்வார்கள். சொல் நின்றாலும் தாளம் நிற்காது என்று அவர்கள் உடம்பு அறிவது அந்த இடத்தில்தான். பெரியவர்களின் மெதுவான நடையில் தட்டினால் அவர்களால் காத்திருக்க முடியாது. சற்று விரைவாகத் தட்டினால் சேர்ந்து வருவார்கள். முதலில் தொடையில் தட்டட்டும், கையோடு கை சேர்ப்பது பிறகு.

இரண்டு தட்டுச் சொற்களாகவே கொடுத்துக்கொண்டிருந்தால், பிள்ளை காதை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் இரண்டே தட்டும். நடுவில் ஒரு குருவியையோ கத்தரிக்காயையோ போட்டால் தெரிந்துவிடும். பால் என்பதற்கு இரண்டு தட்டினால் அதட்டாதீர்கள். அது வீட்டில் ‘பாலு’ என்று பேசும் பிள்ளை. தன் காதில் விழுந்ததைச் சரியாகத்தான் தட்டியிருக்கிறது.

நான் கேட்பது சிறியது. அடுத்த இதழில் அதே பக்கத்தில், “அம்மாவுக்கு இரண்டு தட்டு, புள்ளி எழுத்துக்குத் தட்டு இல்லை” என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். பழைய இதழை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் தாய்மார்கள் பார்க்கும்படி, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருவாரூர் மாவட்டம்.