வெறும் வயிற்றில் வலி மாத்திரை: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மாதவிடாய் வலிக்காகக் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். 8-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளின் வீடுகளில் இதை அவசியம் படியுங்கள்.

40 கிலோ எடையுள்ள ஒரு 9-ஆம் வகுப்பு மாணவியை எடுத்துக்கொள்வோம். இரவு எட்டரைக்குச் சாப்பிட்டவள், காலை ஏழு மணிக்கு ஒரு டம்ளர் காபியோடு இபுபுரூஃபன் 400 மி.கி. மாத்திரையை விழுங்குகிறாள். வயிறு பத்து மணி நேரத்துக்கு மேல் காலியாக இருந்திருக்கிறது. வலி குறைகிறது. ஆனால் முதல் இடைவேளைக்குள் மேல்வயிறு எரிகிறது, நெஞ்சு கரிக்கிறது, குமட்டுகிறது. அதையும் மாதவிடாய்த் தொந்தரவு என்றே நினைத்து, மதியம் இன்னொரு மாத்திரை போடுகிறாள். தவறு இங்கேதான் பெரிதாகிறது.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் இரைப்பையையே அரிக்காமல் காப்பது உட்சுவரில் படிந்திருக்கும் சளிப்படலம். அந்தப் படலம் ஊறிக்கொண்டே இருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் தேவை. கருப்பையை இறுக்கி வலி உண்டாக்குவதும் இதே வகைப் பொருள்தான். மாத்திரை அதன் உற்பத்தியைத் தடுப்பதால் வலி அடங்குகிறது, கூடவே வயிற்றின் காப்பும் மெலிகிறது. மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் எல்லாம் இதே குடும்பம். அட்டையின் பின்பக்கம் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா? பாதிதான் போதும். உணவு இருந்தால் மாத்திரை இரைப்பைச் சுவரில் நேரடியாக உறுத்துவது குறையும். ஆனால் ரத்தத்தில் கலந்த மருந்து அங்கிருந்தும் படலத்தை மெலியச் செய்யும். அதனால் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்றிரண்டு வேளை போடுவது வேறு, வாரக்கணக்கில் போடுவது வேறு. சாப்பிட்ட பிறகு போட்டால் வலி குறையச் சற்றுத் தாமதமாகும். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் அடுத்த மாத்திரையை எடுத்துவிட வேண்டாம்.

முதலில் செய்ய வேண்டியது, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் 15, 20 நிமிடம் வைப்பது. பலருக்கு இதிலேயே வலி நன்றாகக் குறைகிறது. அடுத்தது பாரசிட்டமால். அது இரைப்பைப் படலத்தைக் கெடுப்பதில்லை. 40 கிலோ பிள்ளைக்கு 500 மி.கி. ஒரு வேளை அளவு. ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்குக்கு மேல் கூடாது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். பெரியவர்களுக்கு வாங்கிய 650 மி.கி. மாத்திரை இந்த எடைக்கு அதிகம். இபுபுரூஃபனும் பாரசிட்டமாலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருவதும் உண்டு. அதன்மேல் தனியாகப் பாரசிட்டமால் கொடுத்தால் அளவு கூடிவிடும்.

மாதவிடாய் வலிக்குப் பாரசிட்டமாலைவிட இபுபுரூஃபன் வகை நன்றாக வேலை செய்கிறது என்பது உண்மை. அது தேவைப்பட்டால் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில், இரண்டு இட்லியாவது சாப்பிட்ட பின், ஒரு டம்ளர் தண்ணீரோடு, இரண்டு மூன்று நாள் மட்டும் கொடுங்கள். விழுங்கியதும் படுக்க விடாதீர்கள்; மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஆஸ்துமா, அல்சர் உள்ள பிள்ளைக்கும், வாந்தி பேதியான நாளிலும், மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. விரத நாளில் வெந்நீர்ப் பையும் பாரசிட்டமாலும்தான்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு இபுபுரூஃபன் வகை வேண்டவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருக்கும். இந்த மாத்திரை ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ, தலைசுற்றலோடு மேல்வயிறு கடுமையாக வலித்தாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கலாம். ஆனால் தார் போலப் பிசுபிசுக்காது. சந்தேகம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பள்ளி ஓய்வறையில் வெந்நீர்ப் பையும் பிஸ்கட்டும் வைத்திருக்கிறோம். மருத்துவர் சீட்டில்லாமல் வலி மாத்திரை எதையும் நாங்கள் தர மாட்டோம். காலையில் வீட்டில் மாத்திரை கொடுத்திருந்தால், அதன் பெயர், அளவு, நேரம், சாப்பிட்டாளா என்பதை டைரியில் எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பையில் மாத்திரை அட்டை இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை