தொப்புளுக்குக் கீழே பின்சுவர் இல்லாத இடம்

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் வார்டிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், எனக்கும் அவசரமாகச் சொல்லி முடிக்க மனமில்லை. "ரெக்டஸ் உறைக்கு மேல்வயிற்றில் ஒரு படம், அடிவயிற்றில் ஒரு படம், இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். நோயாளி முன்னால் நிற்கும்போது அது எதற்கு உதவும்?" என்று கேட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். குடியாத்தத்தில் நான் பார்த்த ஒரு அம்மாவின் வயிற்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம். நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் விலா எலும்பிலிருந்து பியூபிக் எலும்பு வரை நெடுக இறங்குகிற தசைதான் ரெக்டஸ். அதற்குப் பக்கவாட்டில் மூன்று தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வெளியே எக்ஸ்டர்னல் ஆப்ளிக், நடுவில் இன்டர்னல் ஆப்ளிக், உள்ளே டிரான்ஸ்வர்சஸ். ரெக்டஸை நெருங்கும்போது மூன்றுமே சதையை விட்டுவிட்டு வெள்ளைத் தகடாகி நடுக்கோட்டுக்கு ஓடுகின்றன. அந்தத் தகடுகள்தான் ரெக்டஸைச் சுற்றி உறையாகின்றன.

தொப்புளுக்கு மேலே நடுத் தசையின் தகடு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி எக்ஸ்டர்னல் ஆப்ளிக்கின் தகட்டோடு சேர்ந்து ரெக்டஸுக்கு முன்னால் போகிறது. மறுபாதி டிரான்ஸ்வர்சஸின் தகட்டோடு சேர்ந்து பின்னால் போகிறது. ஆகவே மேல்வயிற்றில் ரெக்டஸுக்கு முன்னும் பின்னும் கெட்டியான சுவர் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே, தொப்புளுக்கும் பியூபிக் எலும்புக்கும் ஏறத்தாழ நடுவில், பின்சுவர் நின்றுவிடுகிறது. அங்கிருந்து மூன்று தகடுகளும் முன்பக்கமே போய்விடுகின்றன. பின்சுவர் முடிகிற அந்த வளைந்த விளிம்புதான் ஆர்க்குவேட் லைன். தலையணை உறையின் முன்துணி முழு நீளத்துக்கும் இருந்து, பின்துணியை மட்டும் பாதியிலேயே வெட்டிவிட்டால் எப்படியோ அப்படி. அந்த வெட்டுக்குக் கீழே ரெக்டஸின் முதுகுக்குப் பின்னால் இருப்பது மெல்லிய டிரான்ஸ்வர்சாலிஸ் ஃபேசியா, கொஞ்சம் கொழுப்பு, பிறகு வயிற்றறையின் உள்படலமான பெரிட்டோனியம். அவ்வளவுதான்.

புத்தகத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டது போல அந்த விளிம்பு தெரியும். நிஜத்தில் ஆளுக்கு ஆள் அது ஏறி இறங்கும். சிலருக்குப் பளிச்சென்ற விளிம்பே இருக்காது, நார்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துபோகும். அளந்து தேடாதே. இருக்கிற பகுதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

இனி இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் தமனி. இடுப்பு மடிப்புக்குச் சற்று மேலே எக்ஸ்டர்னல் இலியாக் தமனியிலிருந்து கிளம்பி, ரெக்டஸின் பின்புறமாக ஏறி, ஆர்க்குவேட் விளிம்புக்கு முன்னால் நுழைந்து உறைக்குள் போகிறது. போகிற வழியில் தசைக்குள் கிளைகளைக் குத்திவிடுகிறது. ரெக்டஸ் சுருங்கும்போது அதன் நீளம் மாறும், ஆனால் கிளைகள் தசையில் பிடிபட்டிருப்பதால் தமனி அதே வேகத்தில் நகர்ந்து கொடுக்காது. திடீர் இருமலில் இழுபட்டு அறுவது பெரும்பாலும் இந்தக் கிளைகள்தான், அதுவும் பின்னால் தாங்கல் இல்லாத இந்தக் கீழ்ப்பகுதியில்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பீடி சுற்றுகிறவர், பேரணாம்பட்டுப் பக்கத்து ஊர். பல வருடம் முன்பே இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசினோகூமரால் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சளி பிடித்து இருமல் விடாததால் மெடிக்கலில் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை அசினோகூமராலின் வேலையை வெகுவாகத் தூக்கிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி வந்தபோது, "இருமுனேன் சார், படக்குனு ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு, அதுலேர்ந்து இந்தப் பக்கம் தொடவே முடியல" என்று வலது அடிவயிற்றைப் பிடித்துக் காட்டினார். லேசான காய்ச்சல், ஒரு தடவை வாந்தி, தொட்டால் வயிறு இறுகுகிறது. குடல்வால் அழற்சி என்று டியூட்டி டாக்டர் எழுதியிருந்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. பின்சுவர் இல்லாத இடத்தில் ரத்தம் தேங்கினால் அது நேராகப் பெரிட்டோனியத்தின் மேல் உட்கார்ந்து உரசும். அதனால் வெளிச்சுவரின் வலிகூட உள்வயிற்று வலி போலவே வேஷம் போடும்.

இங்கேதான் படுக்கையருகே செய்கிற சின்னச் சோதனை கைகொடுத்தது. வலிக்கிற இடத்தில் என் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு தலையையும் தோளையும் கட்டிலிலிருந்து தூக்கச் சொன்னேன். வலி உள்ளுறுப்பில் இருந்தால் இறுகிய தசை அதைக் கவசம் போல் மறைத்துவிடும், வலி குறையும். வலி சுவரிலேயே இருந்தால் குறையாது, கூடவும் செய்யும். அந்த அம்மாவுக்குக் கூடியது. இதைக் கார்னெட் 1926-இல் சொன்னார். கையில் பட்ட கட்டியும் தசை இறுகியபோது மறையவில்லை, பக்கவாட்டில் அசையவும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற கட்டி என்றால் முன்னால் தசை இறுகும்போது தட்டுப்படாமல் போய்விடும். ஆகவே இது தசையோடு ஒட்டின விஷயம் என்று முடிவு செய்தோம். ஆனால் ஒன்று: ரத்தம் பெரிட்டோனியத்தை நன்றாக உரசத் தொடங்கிவிட்டால் இந்தச் சோதனை குழப்பும். அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதே.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 6.8 வந்தது. அவருடைய வால்வுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11. நாடி 96, பி.பி. சரியாக இருந்தது. அசினோகூமராலையும் கோட்ரைமாக்சசோலையும் அந்த நிமிடமே நிறுத்தினோம்.

இப்போது உன் கேள்விக்கான இடத்துக்கு வருகிறேன். இதே ரத்தம் மேல்வயிற்றில் கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்னும் பின்னும் சுவர், நடுக்கோட்டில் லீனியா ஆல்பா என்கிற நார்ப்பட்டை, ரெக்டஸை முன்சுவரோடு கட்டிப்போடும் குறுக்கு நார்கள். ரத்தத்துக்குப் போக இடமில்லை. கதிர் போல நீண்ட சின்னக் கட்டியாகி, அழுத்தம் ஏறி, அந்த அழுத்தமே கசிகிற குழாயை மூடிவிடும். வலி அதிகம், ரத்த இழப்பு குறைவு. ஆர்க்குவேட் விளிம்புக்குக் கீழே கதை நேர்மாறு. பின்னால் தடுக்க எதுவும் இல்லாததால் ரத்தம் ஃபேசியாவைப் பிய்த்துக்கொண்டு சிறுநீர்ப்பைக்கு முன்னால் இருக்கிற தளர்ந்த இடத்துக்குள் இறங்கிவிடும். அந்த இடம் இரண்டு பக்கத்துக்கும் பொது, எனவே நடுக்கோட்டையும் தாண்டிவிடும். அழுத்தம் அவ்வளவாக ஏறாது, கசிவு எளிதில் நிற்காது. ஒரு லிட்டருக்கு மேல்கூட உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். வெளியே தெரிகிற கட்டியின் அளவை வைத்து இழப்பைக் கணக்கிட்டால் ஏமாந்துபோவாய்.

மறுநாள் காலையில் அதுதான் நடந்தது. வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அந்த அம்மாவே சொன்னார். குறைந்ததற்குக் காரணம் ரத்தம் விரிந்து பரவ இடம் கிடைத்ததுதான். கட்டி இப்போது நடுவுக்கும் வந்து, பியூபிக் எலும்புக்கு மேலே உருண்டையாகத் தெரிந்தது. "கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி ஒண்ணுக்கு வருது சார்" என்றார். சிறுநீர்ப்பை முன்னாலிருந்து அழுத்தப்படுகிறது என்று அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது. நாடி 118, ஹீமோகுளோபின் 7.4. தொப்புளைச் சுற்றியோ விலாப்பக்கத்திலோ தோல் நீலமாகவில்லை. அந்த நிறம் வர இரண்டு மூன்று நாளாகும், அதுவரை காத்திருந்தால் ஆள் கைநழுவிவிடுவார்.

பேக்டு செல் இரண்டு யூனிட்டும் பிளாஸ்மாவும் ஏற்றிக்கொண்டே வேலூருக்கு அனுப்பினோம். வைட்டமின் கே-வைக் கொஞ்சமாகத்தான் கொடுத்தோம். நிறையக் கொடுத்தால் வால்வில் ரத்தம் உறைந்து இன்னொரு ஆபத்து வரும், பிறகு மாத்திரை வேலை செய்யவும் நாளாகும். சி.டி.யில் ரெக்டஸுக்குப் பின்னால் விளிம்புக்குக் கீழே ரத்தம், சிறுநீர்ப்பை பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, காண்ட்ராஸ்ட் ஒரு புள்ளியில் கசிகிறது. தொடைத் தமனி வழியாகக் குழாய் செலுத்தி இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக்கைச் சுருள் வைத்து அடைத்தார்கள். நின்றுவிட்டது. நிலைத்துவிட்டது என்று உறுதியான பிறகு ஹெப்பரின் டிரிப், அதன் பிறகு மெல்ல மாத்திரை.

கத்தியை எடுத்துத் திறக்க வேண்டாமா என்று உனக்குத் தோன்றும். இளம் சர்ஜனுக்கு அது இயல்பு. ஆனால் திறந்தால் அங்கே இருக்கிற கொஞ்ச நஞ்ச அழுத்தமும் போய்விடும், ரத்தம் ஊறின திசுவுக்குள் அறுந்த கிளையைத் தேடிப் பிடிப்பதும் கடினம், போதாக்குறைக்கு ரத்தம் உறையாத ஆள். அடைக்க வழியில்லாதபோதும், உயிர் போகிற நிலையிலும்தான் திறக்க வேண்டும். சிறிய கட்டி என்றால் படுக்கை, வலிமாத்திரை, மருந்தை நிறுத்துவது, மணிக்கொரு தடவை நாடி பார்ப்பது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின், அவ்வளவே போதும்.

இன்னொன்று. சனிக்கிழமை டெப் முறையில் துளை வழியாகச் செய்கிற ஹெர்னியா ஆபரேஷனில் நீ கேமரா பிடிக்கப் போவதாக அம்மா சொன்னாள். தொப்புளருகே ரெக்டஸின் பின்னால் நுழையும்போது ஸ்கோப்புக்குக் கீழே வெள்ளைத் தகடு தெரியும், அதுதான் பின்சுவர். கீழே போகப் போக அந்தத் தகடு ஒரு இடத்தில் முடிந்து, மஞ்சள் கொழுப்பும் மெல்லிய படலமும் தெரியத் தொடங்கும். அந்த விளிம்பைக் காட்டச் சொல்லி உன் சீனியரிடம் கேள். ரெக்டஸின் அடிப்புறத்தில் ஓடுகிற தமனியையும் கேட்டுப் பார். அதைத் தசையோடு மேலே ஒட்டவைத்து அதற்குக் கீழேதான் வேலை செய்ய வேண்டும். தெரியாமல் கீழே இழுத்துவிட்டால், அந்த அம்மாவுக்கு இருமலில் நடந்ததை நீயே கையால் செய்துவிடுவாய்.

மூட்டு வலிக்கு அம்மா தைலம் வாங்கி வைத்திருக்கிறாள், உன் சித்தப்பா டெல்லி வரும்போது கொடுத்துவிடுகிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது, பாலாற்றில் மணல் மட்டும்தான். சாப்பாட்டை விட்டுவிடாதே. ஆபரேஷன் முடிந்ததும் அந்த விளிம்பு உனக்கு எந்த இடத்தில் தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
அப்பா